முதல் மேடைக்கு முன்: திருகோணமலையின் இளம் ரொக் இசைக்குழுக்களுக்கு

முதல் தடவை மேடையேறும் ரொக் இசைக்குழுவில் பயம் முதலில் கைவைப்பது பாட்டின் வேகத்தில்தான். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த பாட்டு மேடையில் ஓட்டமெடுக்கும். பாடுகிறவருக்குச் சொற்கள் வாயில் அடங்காது. கிற்றாரின் தனிவாசிப்பு நடுவில் அறுந்துபோகும். கீழே நிற்பவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் புரியும். மேலே நிற்பவர்களுக்கோ என்ன நடந்தது என்று பாட்டு முடிந்த பிறகும் விளங்காது.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்களிலோ, நகரத்து மண்டபம் ஒன்றிலோ, பாடசாலைப் பழைய மாணவர் ஒன்றுகூடலிலோ முதன்முதலாக வாசிக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேஸ் கிற்றார் வாசித்தும், ஒலியமைப்புப் பார்த்தும் இங்குள்ள இளையவர்களுடன் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. மேடைப் பயத்தை மேடைக்கு முன்பே முழுதாகத் துடைத்தெறிய முயன்றால் அந்த முயற்சியே இன்னொரு பாரமாகிவிடும். கை நடுங்கினாலும் வாசிக்கக்கூடியபடி பாட்டையும் ஒத்திகையையும் மேடையேறும் முந்திய ஒரு மணித்தியாலத்தையும் ஒழுங்குபடுத்திக்கொள்வதே கைகொடுக்கும்.

உடம்பில் நடப்பது

மேடையை நினைத்தவுடன் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் விரைந்து அடிக்கிறது. தோலுக்குப் போகும் சிறிய இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. அதனால்தான் ஓகஸ்ட் மாதத்துப் புழுக்கத்திலும் விரல் நுனிகள் குளிர்ந்துபோகின்றன. உமிழ்நீர் வற்றுகிறது. எல்லோருடைய கைகளிலும் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணிய நடுக்கம் உண்டு; அட்ரினலின் தசைகளில் வேலை செய்யும்போது அது பெருத்து வெளியே தெரிய ஆரம்பிக்கிறது.

இது ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். ட்ரம்ஸ் வாசிப்பவர் மூச்சை அடக்கிக்கொள்வார், முன்கை இறுகும், வேகம் ஏறும். தன் இதயமே வேகமாக அடிக்கும்போது பாட்டின் சரியான வேகம் அவருக்கு மந்தமாகக் கேட்கும். ஆகவே அதை "சரிசெய்ய" முடுக்கிவிடுவார். கிற்றார்காரர் இடது கையால் தந்தியை வேண்டியதைவிட அழுத்துவார்; அழுத்தினால் சுருதி சற்றே மேலே போகும், கருவி சுருதி சேராததுபோலக் கேட்கும். வலது கையில் பிக் வியர்வையில் வழுக்கும். ரொக் இசைக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. டிஸ்டோர்ஷன் பெடலைக் கூட்டி வைத்திருக்கும்போது, நடுங்கும் விரல் தற்செயலாகத் தொட்ட தந்தியும் அம்பிளிபயர் வழியாகப் பெரிதாகக் கேட்டுவிடும். பாடுகிறவருக்கு நாக்கு ஒட்டும், மூச்சு நெஞ்சின் மேற்பகுதியிலேயே நிற்கும், நீண்ட வரிகள் பாதியில் முறியும்.

பேஸ் வாசிப்பவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ட்ரம்ஸ் ஓட ஆரம்பித்ததும் முதலில் அதை உணரக்கூடியவரும், பிடித்து நிறுத்தக்கூடியவரும் அவர்தான். இதை அவரிடம் முன்கூட்டியே ஒரு பொறுப்பாகச் சொல்லி ஒப்படையுங்கள்.

இந்தப் படபடப்பு பெரும்பாலானவர்களுக்கு மேடையேறுவதற்குச் சற்று முன்னும் முதல் சில நிமிடங்களிலும்தான் உச்சத்தில் இருக்கும். இரத்தத்தில் கலந்த அட்ரினலின் நீண்ட நேரம் நிற்பதில்லை. சில நிமிடங்களில் உடம்பு அதை அகற்றிவிடுகிறது. புதிதாகப் பயந்தால்தான் புதிதாகச் சுரக்கும். ஆகவே முதல் பாட்டைத் தாண்டிவிட்டால் இரண்டாவது பாட்டில் கைகள் உங்களுடையவையாகத் திரும்பிவரும். கீழே சொல்பவை பெரும்பாலும் அந்த முதல் பாட்டைக் கடப்பதற்கானவையே.

இரண்டு கிழமைக்கு முன்: வேகத்தை அளந்து பாருங்கள்

உவர்மலைப் பக்கத்து நால்வர் குழு ஒன்றைச் சொல்கிறேன். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவர்கள். பாடுபவர் ஒரு தங்கை, மற்ற மூவரும் தம்பிமார். உப்புவெளி ஹோட்டல் ஒன்றின் கடற்கரை மேடையில் நான்கு பாட்டு வாசிக்க இடம் கிடைத்திருந்தது. தங்கள் பாட்டுகள் நன்றாகவே கைவந்திருந்தன. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கும்போது குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மேடைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ட்ரம்ஸ்காரரின் வீட்டு முற்றத்தில் அயலவர்களையும் உறவினர்களையும் பிளாஸ்டிக் கதிரைகளில் உட்காரவைத்து நான்கு பாட்டையும் நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னேன். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்தோம். அவர்களுடைய இரண்டாவது பாட்டு மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 126 அடி. சரியாக 4 நிமிடம் வரும். முற்றத்தில் அது 3 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிட்டது. கணக்குச் சுலபம்: 126 ஐ 4 ஆல் பெருக்கினால் பாட்டில் மொத்தம் 504 அடி. அதை 3.6 நிமிடத்தால் வகுத்தால் 140 வருகிறது. பதினைந்து இருபது தெரிந்த முகங்கள் முன்னால் உட்கார்ந்ததற்கே நிமிடத்துக்கு 14 அடி ஏறியிருந்தது.

"அண்ணா, நான் வேகமாக அடித்ததே எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குத்தான் நன்றாக வந்தது என்று நினைத்தேன்" என்றார் ட்ரம்ஸ்காரர். அவர் சொன்னது முழு உண்மை. அவருடைய காதுக்கு அது அப்படித்தான் கேட்டிருக்கும். பாடகிதான் பாவம், இரண்டாம் சரணத்தில் மூச்செடுக்க இடமில்லாமல் இரண்டு வரிகளை விழுங்கியிருந்தார். அது தன் குரலின் குறை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒலிப்பதிவின் நீளத்தைப் பார்த்த பிறகுதான் காரணம் வேறு இடத்தில் இருப்பது புரிந்தது.

நீங்களும் இதையே செய்யுங்கள். ஒத்திகை அறையில் ஒரு பதிவு, ஆட்கள் முன்னால் ஒரு பதிவு. இரண்டின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். நான்கு நிமிடப் பாட்டில் ஐந்து, ஆறு விநாடி வித்தியாசம் யாருக்கும் உறுத்தாது. நேரடி நிகழ்ச்சிக்குச் சற்று விறுவிறுப்புக்கூட அழகுதான். பதினைந்து விநாடிக்கு மேல் போனால் பாடகரின் மூச்சும் தனிவாசிப்பும் கெட ஆரம்பிக்கும்.

சரிசெய்யும் வழி ட்ரம்ஸ்காரரிடம் இருக்கிறது. குச்சிகளைத் தட்டி "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணித் தொடங்குவதற்கு முன், அந்தப் பாட்டின் பல்லவியில் சொற்கள் மிக நெருக்கமாக வரும் வரியை அவர் மனதுக்குள் ஒரு தடவை முழுதாகப் பாட வேண்டும். சொற்களை விழுங்காமல் பாடக்கூடிய வேகமே பாட்டின் வேகம். வெறும் எண்ணிக்கை அவரோடு சேர்ந்து பதறும். பாட்டு வரி அவ்வளவு எளிதில் பதறாது, ஏனெனில் அதற்கு உச்சரிக்கும் நேரம் வேண்டும். கூடவே மெட்ரோனோம் செயலி உள்ள கைத்தொலைபேசியை ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்து, ஒலியில்லாமல் வெளிச்சம் மட்டும் மின்னும்படி செய்துகொள்ளலாம். பாட்டு முழுவதும் அதைப் பார்க்கத் தேவையில்லை. தொடங்குவதற்கு முந்திய நான்கு மின்னல்கள் போதும்.

அடுத்தது, நடுங்கும் உடம்போடு வாசித்துப் பழகுவது. இது கொஞ்சம் விசித்திரமாகப் படலாம், ஆனால் இளையவர்களுக்கு இதைவிட உடனடியாகப் பலன் தரும் பயிற்சியை நான் பார்க்கவில்லை. ஒத்திகைக்கு முன் மாடிப்படியில் நான்கைந்து தடவை ஏறி இறங்குங்கள், அல்லது இரண்டு நிமிடம் துள்ளுங்கள். நெஞ்சு படபடக்கும்போதே முதல் பாட்டைத் தொடங்குங்கள். பயத்தால் வரும் படபடப்பும் ஓட்டத்தால் வரும் படபடப்பும் முழுக்க ஒன்றல்ல என்றாலும், விரைந்து அடிக்கும் நெஞ்சோடு வேகத்தைப் பிடித்து வைக்கவும், இளைத்த மூச்சோடு பாடவும் உடம்பு பழகிக்கொள்ளும். கோணேசர் கோயிலுக்குப் போகும் ஏற்றம் இங்கே எல்லோருக்கும் தெரியும். அதை விரைந்து ஏறி முடித்த மூச்சோடு முதல் வரியைப் பாட முடிகிறதா என்று அந்தப் பாடகியைச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். முடியவில்லை. அந்த வரியில் மூச்செடுக்கும் இடத்தை ஒரு சொல் முன்னே நகர்த்தியதும் முடிந்தது.

ஒத்திகையில் நின்றுகொண்டு வாசியுங்கள். நிகழ்ச்சிக்குப் போடப்போகும் சப்பாத்தையும் உடுப்பையும் ஒரு தடவையாவது அணிந்து வாசியுங்கள். கட்டிலில் இருந்து கிற்றார் பழகியவருக்கு, பட்டியில் தொங்கும் கிற்றார் புதுக் கருவிபோல இருக்கும். அந்தப் புதுமையை மேடையில் சந்திக்கக் கூடாது. யாராவது பிழை விட்டாலும் நிறுத்தாமல் கடைசிவரை போக வேண்டும். பிழை விட்டவுடன் நிறுத்திப் பழகிய குழு மேடையிலும் கை தானாக நிறுத்தும்.

பாட்டுகளை அடுக்கும் விதம்

புதிய குழுக்கள் தங்களிடம் உள்ள மிகக் கடினமான பாட்டை முதலில் வைத்து எல்லோரையும் வியக்கவைக்க விரும்பும். தயவுசெய்து வேண்டாம். கை மிக மோசமாக நடுங்கும் நேரத்துக்கு மிக நுட்பமான வேலையைக் கொடுப்பது அது. முதல் பாட்டு நடுத்தர வேகத்தில், திறந்த கோர்ட்டுகளோடு, நால்வரும் ஒன்றாகத் தொடங்குவதாக இருக்கட்டும். ஒருவர் மட்டும் மெல்லிய விரல் மீட்டலோடு தொடங்கும் பாட்டு அழகானதுதான். அதை மூன்றாவதாக வையுங்கள். நீண்ட கிற்றார் தனிவாசிப்பும் அங்கேதான் வரவேண்டும்.

அந்த நால்வர் குழு இதன்படி தங்கள் வரிசையைத் தலைகீழாக்கியது. முதலில் வைத்திருந்த வேகமான பாட்டு கடைசிக்குப் போனது. முதல் பாட்டில் மட்டும் டிஸ்டோர்ஷனின் அளவைக் கிற்றார்காரர் கால்வாசி குறைத்துக்கொண்டார். பாட்டின் கனம் பெரிதாகக் குறையவில்லை, தேவையற்ற தந்தி ஓசைகள் அடங்கின.

நிகழ்ச்சி நாள்

காலையிலிருந்து எதுவும் இறங்கவில்லை என்று வெறும் வயிற்றோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேடைக்கு இரண்டு, மூன்று மணித்தியாலம் முன்பு அளவாகச் சாப்பிடுங்கள். சோறோ இடியப்பமோ, பழகிய சாப்பாடாக இருக்கட்டும். உறைப்பையும் எண்ணெயையும் குறைத்துக்கொள்ளுங்கள். தேநீர், கோப்பி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கஃபீன் கைநடுக்கத்தைக் கூட்டும். குடித்து அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்தில் உச்சத்துக்கு வரும், பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். ஏழு மணி நிகழ்ச்சிக்கு முன் ஆறு மணிக்குக் குடிக்கும் பிளேன்டீ சரியாக முதல் பாட்டில் வந்து நிற்கும். வழக்கமாகக் குடிப்பவர் அடியோடு விட்டால் தலையிடி வரலாம். ஆகவே காலையில் குடித்துவிட்டு மதியத்தோடு நிறுத்துங்கள்.

இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாயும் தொண்டையும் பயமில்லாமலேயே காய்ந்துவிடும். பாடுபவர் பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு போத்தலைக் கவிழ்த்தால் மேடையில் வேறு அவசரம் வரும்.

கிற்றாரைப் பற்றியும் ஒரு சொல். ஹோட்டலின் குளிரூட்டிய அறையில் வைத்துச் சுருதி சேர்த்துவிட்டுக் கடற்கரைக்குக் கொண்டுவந்தால் வெப்பத்தில் தந்திகள் விரிந்து சுருதி இறங்கும். பயந்திருப்பவர் அதைத் தன் கையின் பிழை என்று எண்ணி இன்னும் அழுத்துவார். கருவியை அரை மணித்தியாலமாவது மேடைக்குப் பக்கத்தில், நிழலில் வைத்துவிட்டுப் பிறகு சுருதி பாருங்கள். உப்புக்காற்றில் தந்தி விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் புதிய தந்தி போடத்தான் வேண்டும். ஆனால் அதை நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே போட்டு இழுத்துப் பழக்கிவிடுங்கள். அன்று போட்ட தந்தி சுருதியில் நிற்காது.

சவுண்ட் செக் பயத்துக்கு மிக நல்ல மருந்து. அதைப் பதினைந்து நிமிடம் முன்பின் என்று தவறவிடாதீர்கள். கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து அமைத்த மேடை உப்புவெளியில் மேற்கே பார்க்கும். மாலை ஐந்தரைக்கு நின்றால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். கிற்றாரின் புள்ளிகள்கூடத் தெரியாது. இரவில் அதே இடத்தில் விளக்கு கண்ணில் அடிக்கும், கூட்டம் இருட்டாக இருக்கும். இரண்டையும் முன்கூட்டியே கண்டுகொள்ளுங்கள். ட்ரம்ஸ்காரர் இரவல் கருவியில் வாசிப்பதாக இருந்தால் முதலில் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். அது தவறினால் கால் இரண்டும் அந்நியமாகிவிடும். மொனிற்றர் இருந்தால் ஒலியமைப்பாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அண்ணா, பாடுபவரின் குரலை எங்களுக்குக் கேட்கும்படி விடுங்கள்." மொனிற்றர் இல்லையென்றால் ட்ரம்ஸுக்கு நெருக்கமாக, அரைவட்டமாக நில்லுங்கள். ஒருவரை ஒருவர் கேட்க முடியாத நேரத்தில்தான் சாதாரணப் பதற்றம் பீதியாக மாறுகிறது.

பாடுபவருக்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒவ்வொரு சரணத்தின் முதல் இரண்டு சொற்களையும் பெரிய எழுத்தில் எழுதி மேடைத் தரையில் ஒட்டுங்கள். முதற்சொல் கிடைத்தால் மிச்சம் தானாக வரும். முழு வரிகளையும் எழுதினால் தேடுவதற்குள் பாட்டு போய்விடும். மைக்கை முதல் பாட்டு முடியும்வரை கையில் எடுக்காமல் தாங்கியிலேயே விடுங்கள். கையில் இருந்தால் நடுக்கம் எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பே அவரை மேலும் நடுங்கவைக்கும். மேலதிகமாக இரண்டு மூன்று பிக்குகளை அந்தத் தாங்கியில் ஒட்டி வைத்தால் கிற்றார்காரருக்கும் ஒரு கவலை குறையும்.

கடைசி நாற்பது நிமிடம்

நம் ஊர் நிகழ்ச்சிகள் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவது அரிது. ஏழுக்கு என்று சொல்லி ஒன்பதுக்கு ஏறச் சொல்வார்கள். ஆறரைக்கே விரல்களைச் சூடாக்கித் தயாராகி நின்ற குழு ஒன்பது மணிக்குள் களைத்து, குளிர்ந்து, நகம் கடித்துக்கொண்டிருக்கும். ஆகவே மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள். உங்களுக்கு முந்திய நிகழ்ச்சி எது என்று கேட்டுத் தெரிந்து, அதற்கு முந்தியது தொடங்கும்போது உங்கள் ஆயத்தத்தைத் தொடங்குங்கள். அதுவரை உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருங்கள்.

முதலில் கைகள். வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள். தோள்களிலிருந்து கைகளைச் சுழற்றுங்கள். பிறகு கிற்றாரை அம்பிளிபயரில் இணைக்காமல், முதல் பாட்டை மட்டும் பாதி வேகத்துக்குச் சற்று மேலே வாசியுங்கள். ட்ரம்ஸ்காரர் தன் தொடையிலோ ஒரு தலையணையிலோ அதே வேகத்தில் தட்டட்டும். கடினமான தனிவாசிப்பைக் கடைசி நேரத்தில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம். அங்கே ஒரு தடவை தவறினால் அந்தத் தவறையே கையோடு மேடைக்குக் கொண்டுபோவீர்கள்.

அடுத்தது மூச்சு. "ஆழமாக மூச்சை இழு" என்று எல்லோரும் சொல்வார்கள். பயந்திருப்பவர் அதைக் கேட்டு வேகவேகமாகப் பெரிய மூச்சுகளாக இழுப்பார். அப்படிச் செய்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து, தலை சுற்றும், விரல்களும் உதடுகளும் கூசும். அந்தக் கூச்சத்தைப் பார்த்து இன்னும் பயம் வரும். உண்மையில் உதவுவது மூச்சை விடும் பகுதிதான். வெளிவிடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே மெதுவாகிறது. மூக்கால் நான்கு எண்ணும்வரை மெல்ல இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடம் போதும். விரல் கூசினால் கூடுதலாக இழுக்கிறீர்கள் என்று பொருள், மூச்சைச் சிறிதாக்குங்கள். இதையும் ஒத்திகை நாட்களிலேயே பழகியிருக்க வேண்டும். முதல் தடவையாக மேடைக்குப் பின்னால் செய்து பார்ப்பவருக்கு எண்ணிக்கைதான் நினைவில் நிற்கும், அமைதி வராது.

மூன்றாவது, உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வது. "பயப்படாதே, அமைதியாக இரு" என்று சொல்லிப் பலனில்லை, ஏனெனில் நெஞ்சு அடிப்பது அதைப் பொய்யென்று காட்டிவிடும். 2014 இல் ஹாவர்ட் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பிறர் முன் பாடுவதற்கு முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். உற்சாகத்திலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கும் என்பதால் அந்த வாக்கியத்தை உடம்பு மறுப்பதில்லை. நால்வரும் ஒன்றாக நின்று, உங்களுக்குப் பிடித்த சொற்களில் அதை உரக்கச் சொல்லுங்கள்.

இந்த நேரத்தில் சிலர் "ஒரு பியர் அடி தம்பி, எல்லாம் சரியாகும்" என்று நெருங்குவார்கள். மதுபானம் பயத்தை மழுக்குவது உண்மை. வேகத்தைக் கணிக்கும் காதையும் விரலின் துல்லியத்தையும் அதுவே சேர்த்து மழுக்கும். குடித்தவருக்குத் தான் நன்றாக வாசித்ததாகவே தோன்றும். ஒலிப்பதிவு வேறு கதை சொல்லும். நடுக்கத்தைக் குறைக்கும் புரோப்ரனோலோல் போன்ற மாத்திரைகளையும் இசைக்கலைஞர்கள் சிலர் பயன்படுத்துகிறார்கள். அவை வைத்தியர் எழுதித் தர வேண்டியவை. ஆஸ்துமா உள்ளவருக்கு அவை மூச்சுக்குழாய்களை இறுக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நண்பரின் பெட்டியிலிருந்து ஒன்றை வாங்கி விழுங்காதீர்கள்.

மேடையில் முதல் அரை நிமிடம்

ஏறியதும் தொடங்கிவிடாதீர்கள். கேபிளைப் பொருத்துங்கள், ஒரு கோர்ட் அடித்து ஒலி வருகிறதா என்று பாருங்கள், ட்ரம்ஸ்காரரைத் திரும்பிப் பாருங்கள். அவர் தன் வரியை மனதுக்குள் பாடி முடித்துத் தலையசைக்கும்வரை காத்திருங்கள். உங்களுக்கு அது ஒரு யுகமாகத் தோன்றும். கீழே இருப்பவர்களுக்குச் சில விநாடிகள்தான்.

நம் ஊரில் முன்வரிசையில் பெரும்பாலும் மாமா, சித்தி, படிப்பித்த சேர், பக்கத்து வீட்டு அக்கா என்று தெரிந்த முகங்களாகவே இருக்கும். வெளிநாட்டுப் பயணிகளைவிட அவர்களுக்குத்தான் இளையவர்கள் அதிகம் கூசுகிறார்கள். முதல் பாட்டில் அந்த முகங்களுக்குச் சற்று மேலே, ஒலியமைப்பாளரின் மேசையைப் பாருங்கள். அல்லது உங்கள் குழுவினரையே பாருங்கள். த டோர்ஸ் குழுவின் ஜிம் மொரிசன் தொடக்க காலத்தில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று பாடியவர். ஒரு பாட்டுக்கு உங்கள் நண்பர்களைப் பார்த்துப் பாடினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

உங்கள் நடுக்கம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை என்பதும் சோதித்து அறியப்பட்டது. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே கேட்டறிந்த பேச்சாளர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். உங்கள் குழுவிலும் இதை மேடையேறுமுன் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள்.

பிழை வரும். ஒருவர் வழிதவறினால் எங்கே எல்லோரும் சந்திப்பது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பல்லவியின் முதல் அடிதான் சிறந்த இடம். அதுவரை ட்ரம்ஸும் பேஸும் எது நடந்தாலும் நிற்கக் கூடாது. முழுவதும் குலைந்துவிட்டால் நிறுத்தி மறுபடி தொடங்குவதில் வெட்கமில்லை. 2016 டிசம்பரில் ஸ்டொக்ஹோமில் நடந்த நோபல் பரிசு விழாவில், பல பத்தாண்டுகள் மேடை கண்ட பட்டி ஸ்மித் பாட்டின் நடுவே வரி மறந்து நின்றார். மன்னிப்புக் கேட்டு, தனக்குப் பதற்றமாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, மீண்டும் பாடினார். சபை கைதட்டி அவரைத் தாங்கிக்கொண்டது.

நம் நால்வர் குழுவுக்கு அன்று அப்படி எதுவும் நேரவில்லை. ஆனால் பயம் இல்லாமலும் இல்லை. கிற்றார்காரரின் கை முதல் பாட்டு முழுவதும் நடுங்கியது. ஒரு பிக் விழுந்தது, தாங்கியிலிருந்து அடுத்ததை எடுத்துக்கொண்டார். பாடகி ஒரு தடவை தரையைப் பார்த்தார். முற்றத்தில் அளந்து பார்த்த அந்த 126 அடிப் பாட்டு 3 நிமிடம் 51 விநாடியில் முடிந்தது, அதாவது நிமிடத்துக்கு 131 அடி. இரண்டாம் சரணத்தின் எல்லா வரிகளும் கேட்டன.

இறங்கிய பிறகு

இறங்கியதும் உடம்பு சோர்ந்து, சிலருக்கு அழுகைகூட வரும். அந்த நேரத்தில் ஒலிப்பதிவைக் கேட்காதீர்கள், யார் பிழைவிட்டது என்றும் பேசாதீர்கள். சாப்பிடுங்கள், கேபிள்களைச் சுற்றி வையுங்கள், ஒலியமைப்பாளருக்கு நன்றி சொல்லுங்கள். மறுநாள் நால்வரும் சேர்ந்திருந்து கேட்டு, பாட்டுகளின் நீளத்தை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் சிலருக்குப் பயம் இறங்காது. நாட்கணக்கில் தூக்கமில்லாமல், வாந்தியோடு, மேடையை மட்டுமல்லாமல் வகுப்பையும் ஆட்களையும் தவிர்க்கும் அளவுக்குப் போனால், அதற்கு ஒத்திகையால் தீர்வு வராது. வைத்தியரிடமோ உளவள ஆலோசகரிடமோ போக வேண்டும். குழுவில் மூத்தவர் ஒருவர் கூடப்போனால் நல்லது.

மற்றவர்கள் இரண்டாவது மேடையை இரண்டு, மூன்று கிழமைக்குள் ஏற்பாடு செய்யுங்கள். பெரிய இடம் வேண்டியதில்லை. நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்கு இரண்டு பாட்டுப் போதும். ஆறு மாதம் விட்டால் உடம்பு இதை மறந்து மறுபடி முதலிலிருந்து பயப்படும். அதற்குள் வாசித்தால், அந்த நால்வருக்கு முற்றத்தில் பதினான்காக இருந்த மேலதிக அடிகள் உங்களுக்கு எத்தனையாகக் குறைந்திருக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.